போனில் பேசும் கை

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கல்லறைத் திருநாளுக்கு நேற்று வாங்கிய சாமந்தியில் மிச்சம் அழுகுகிறது. எடுத்துப் போட வேண்டும்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உளவியல் வகுப்பு. ஒருத்தி கேட்டாள்: "மேடம், எங்கம்மா போன்ல பேசும்போதும் கைய ஆட்டுறாங்க. எதிர்ல யாரு இருக்கா?" வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டேன். குறிப்பு:

– கேட்பவருக்காக மட்டும் என்றால் போனில் கை நின்றுவிட வேண்டும். நிற்பதில்லை. குறைகிறது, சிறிதாகிறது, அவ்வளவுதான்.
– பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள். பார்த்துக் கற்றதல்ல.
– தனியாக ஒரு பதிவுக் கருவியிடம் பேசும்போது இன்னும் குறைவு. ஆகவே எதிரில் ஒரு ஆள், குரலாகவாவது, இருப்பதும் ஒரு காரணம்.
– வழி, இடம், வடிவம் சொல்லும்போது அதிகம். சண்டையை விவரிப்பதைவிட, சந்தைக்கு வழி சொல்லும்போது கை கூடுதலாக வேலை செய்யும்.
– சொல்லுக்குச் சற்று முன்பே கை கிளம்பிவிடும். பேச்சு திக்கினால் கையும் திக்கும். இரண்டும் ஒரே இடத்தில் திட்டமிடப்படுகின்றன என்று கொள்ளலாம்.
– கை சிந்தனைக்கு உதவுகிறதா, அல்லது சும்மா உடன் வருகிறதா? தீர்ந்த விஷயம் இல்லை. வகுப்பில் அடித்துச் சொல்லக்கூடாது.

மாலை கருக்களாச்சேரி, அண்ணன் வீடு. சகாயம் அண்ணனுக்குத் தோள் எலும்பு முறிந்து இரண்டாவது வாரம். பாசியில் வழுக்கி விழுந்தது. வலது கையை மடக்கி மார்போடு பட்டி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சவரம் இல்லை. கடுகடு.

அண்ணி அடுப்படியில் போனில். கரண்டி காற்றில் வட்டம் போடுகிறது. குழம்பு சுவரில். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நவ. 5, புதன்

மழை இல்லை. கடல் சாம்பல் நிறம். எனக்குப் பிடிக்காத நிறம்.

கல்லூரிக்கு முன்பு அண்ணனை முகத்துவாரக் கல்தடுப்புக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். அவர் படகை இப்போது மருமகன் அந்தோணி ஓட்டுகிறான். அண்ணன் மகள் பிரமிளாவின் கணவன். முகத்துவாரத்தில் மணல் திட்டு வாரத்துக்கு ஒரு இடம் மாறுகிறது. படகிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நுரை. கல்மேல் இருந்து பார்த்தால்தான் எங்கே அலை உடைகிறது, எங்கே உடையாமல் உருள்கிறது என்று தெரியும். அண்ணன் அங்கே உட்கார்ந்து போனில் வழி சொல்வார், படகு உள்ளே வரும். பல வருடமாக இதுதான்.

முன்பெல்லாம் பார்த்திருக்கிறேன். இடது கையில் போன். வலது கை மடியில், தன் பாட்டுக்கு. உள்ளங்கை திட்டு போலக் குவியும், விரல்கள் அதைச் சுற்றி வளையும், பிறகு வாய் சொல்லும்: "தெக்கால ஒடிச்சு வா, அப்பறம் நேரா."

இன்று வலது கை கட்டுக்குள். இடது கையில் போன். வாய் மட்டும்.

"வாடா… அந்த… இரு, இரு. தெக்கால… இல்ல, கொஞ்சம்… அந்த பள்ளத்துக்கு…"

கட்டுக்குள் விரல்கள் துடிப்பது தெரிந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. படகின் அடி மணலில் உரசி, ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வந்துவிட்டது.

அந்தோணி கரையேறியதும்: "என்னா மாமா, வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்த கேட்டா ஒம்போது 'அந்த' வருது!"

அண்ணன்: "போடா டேய். பொண்ணு குடுத்தவன்கிட்ட இதான் மரியாதயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவ. 6, வியாழன்

பால் பாக்கெட். மின் கட்டணம். ஜன்னல் கொக்கி.

மாலையில் அண்ணனிடம் ஒரு சின்னச் சோதனை. போனை மேசைமேல் வைத்து, இடது கையைச் சும்மா விட்டு, "முகத்துவாரம் இன்னைக்கு எப்படி?" என்றேன். கை எழுந்தது, பேச்சு ஓடியது. பிறகு போனை இடது கையில் கொடுத்து அதே கேள்வி. "அந்த… அந்த…" அடுத்து, சித்தப்பா வீட்டுக் கல்யாணச் சண்டையைச் சொல்லச் சொன்னேன். கையில் போன் இருந்தும் தடையே இல்லை. ஒரு வசை கூட விடவில்லை.

எதிர்பார்த்தபடியே வந்தது. அதனாலேயே சந்தேகம். ஒரே ஆள், ஒரு மாலை. எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். வலி மாத்திரை வேறு. மந்தத்துக்கு அதுவே போதும். கையைக் கட்டினால் பேச்சு கொஞ்சம் தடுமாறலாம், தடுமாறாமலும் போகலாம். ஆனால் அலைக்குள் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு?

"காதுல மாட்டுற ஒயர் வாங்கித் தரேண்ணே. ஒரு கையாவது சும்மா இருக்கட்டும்."

"அங்க கை சும்மா இருக்கக்கூடாது, ஸ்டெல்லா."

"ஏன்?"

"கரையில நின்னு ஒருத்தன் கையத் தலைக்கு மேல தூக்குனா 'வராத, திரும்பிப் போ'ன்னு அர்த்தம். நம்ம அப்பன் காலத்துலேர்ந்து அதான். போனுல்லாம் நேத்து வந்தது. இஞ்சின் சத்தத்துல காது கேக்காட்டியும் கண்ணு பாக்கும்."

"நீங்க மடியிலதானே ஆட்டுவீங்க?"

"அது சோத்துக் கை. பழகுன கை. இந்தக் கை என்னா பண்ணும்னு எனக்கே தெரியாது." பிறகு சிரித்து, "டீச்சரு, வகுப்பு முடிஞ்சுதா? சோறு போடச் சொல்லு."

நவ. 8, சனி

வெயில். ஆச்சரியம்.

ஒயர் வாங்கி வந்து, காதில் மாட்டி, காற்று இரையாமலிருக்க அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டேன். போன் சட்டைப் பையில். அண்ணன் பல் வலிக்காரர் போல இருந்தார். கரையில் ஒருவர்: "சகாயம், கல்யாணத்துக்கா கெளம்பிட்ட?"

கல்மேல் உட்காரவைத்தேன். இடது கை மடியில் கொஞ்சம் தயங்கி, பிறகு அசைந்தது. வலது கை அளவுக்கு நேர்த்தி இல்லை. ஆனால் சொல் வந்தது. ஒரு "அந்த" கூட இல்லை. படகு நூல் பிடித்தது போல் உள்ளே வந்தது. அந்தோணி கட்டை விரலைக் காட்டினான்.

பெருமை வரக்கூடாது. வந்தது.

இரவு பிரமிளா புதுச்சேரியிலிருந்து போன். ஏழாம் மாதம். அங்கே வேலை, இந்த மாதக் கடைசியில் விடுப்பு. "அத்தை, அவரு ஒழுங்கா சாப்புடுறாரா?" சாப்பிடுகிறான் என்றேன்.

நவ. 10, திங்கள்

வடக்கே காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். இரவு முழுக்க அலை இரைச்சல் ஊருக்குள்ளேயே கேட்டது. அந்தோணியின் படகு நேற்றே போய்விட்டது. நாளைக் காலை வந்துவிடுவானாம்.

வகுப்பில் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். சொல்லுக்கு முன்பே கை கிளம்பும் என்பதை ஒருத்தி நம்பவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் கத்தரிக்காயின் வடிவத்தைச் சொல்லச் சொன்னேன். கை முதலில் வந்தது. கைதட்டல்.

நவ. 11, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் ஆகிவிடும்.

காலை. கல்தடுப்பு. காற்று. அண்ணன் உட்கார்ந்திருந்தார், துண்டு கட்டி, ஒயர் மாட்டி. நான் பின்னால். படகு தெரிந்தது. மூன்று பேர். அந்தோணி இஞ்சின் பக்கம். போன் பாலித்தீன் பையில், முன்னால் நின்ற ஆளின் கையில், ஸ்பீக்கரில்.

"தெக்கால. அப்புடியே. வா, வா." இடது கை மடியில், அமைதியாக. எல்லாம் சரியாகத்தான் போனது. படகு முகத்துவாரத்துக்குள் பாதி.

அப்போது அவர்கள் பின்னால் கடல் எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. அவர்களுக்குத் தெரியாது, முதுகு. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

சொன்னது இது, எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது: "பின்னால பெரிய அலடா, நிக்காத, முடுக்கு, உள்ள வா!"

ஆனால் "பெரிய" என்ற சொல் வருவதற்கு முன்பே அந்தப் பழகாத கை கிளம்பிவிட்டது. அலையின் உயரத்தைக் காட்டியது. தலைக்கு மேல். உள்ளங்கையை விரித்து. அவர் யாருக்கும் காட்டவில்லை. தனக்குத்தான்.

அந்தோணி பார்த்தான். இஞ்சின் சத்தத்தில் காது கேட்டிருக்காது. படகைத் திருப்பினான். எங்கள் ஊர் ஆள் வேறு என்ன செய்வான்?

பக்கவாட்டில் திரும்பிய படகின்மேல் அலை.

அண்ணனின் கை அப்படியே மேலே நின்றது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன்.

இரண்டு பேரைக் கயிறு போட்டு இழுத்தார்கள். அந்தோணி இல்லை.

நவ. 12, புதன்

மழை. கருக்களாச்சேரியில் எந்தப் படகும் கடலில் இல்லை, தேடும் படகுகள் தவிர. அண்ணன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "அவன் கேட்டிருப்பான்ல? நான் வான்னுதான் சொன்னேன்" என்று ஒரு முறை.

துண்டும் ஒயரும் மேசைமேல். வாங்கியது நான்.

பிரமிளாவிடம் நேற்று, படகு பழுது, அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றோம். அவளுடைய சின்ன மாமனார் புதுச்சேரி போயிருக்கிறார், காரில் அழைத்துவர. அவள் வந்து சேரும்வரை உண்மை வேண்டாம் என்று முடிவு. வயிற்றில் பிள்ளை, நெடுஞ்சாலை, மழை.

மதியம் தேடப்போனவர்களில் ஒருவர் என்னை வாசலுக்கு அழைத்தார். தாழ்ந்த குரல். தெற்கே, இரண்டு ஊர் தள்ளி ஒதுங்கியிருக்கிறது. சட்டையை வைத்து அடையாளம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். "ஒங்க அண்ணிகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா." சரி என்றேன். சொல்லவில்லை. முதலில் பிரமிளா வீடு வந்து சேரட்டும் என்று நினைத்தேன்.

உள்ளே வந்தேன். போன் அடித்தது. பிரமிளா, காரிலிருந்து. அவள் கேட்ட விதத்திலேயே யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தது.

"அத்தை, போட்டு கவுந்துச்சாமே? எங்கிட்ட மறைக்காதீங்க. அவரு எங்க?"

என் குரல் சரியாகத்தான் இருந்தது. வகுப்பில் பேசும் குரல். "ஆமாம்மா. ரெண்டு பேரு கரையேறிட்டாங்க. அந்தோணியத் தேடிகிட்டு இருக்காங்க. போட்டெல்லாம் போயிருக்கு. நீ பயப்படாம வா."

"உசுரோட இருப்பாருல்ல?"

"தேடிகிட்டுதாம்மா இருக்காங்க."

அப்போதுதான் என் இன்னொரு கையைப் பார்த்தேன். முன்னால் நீண்டு, உள்ளங்கை கீழ் நோக்கி, யாரையோ படுக்க வைப்பது போல மெதுவாக இறங்கி, மேசைமேல் படிந்து அசையாமல் கிடந்தது.

எதிரில் அண்ணி. என் பேச்சை அவர் கேட்கவே இல்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.