தலையாட்டி முடிக்க முடியாத கேள்வி

ரங்கத், அந்தமான்,
ஞாயிறு.

அன்பு மகன் செந்தமிழனுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவை நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது சௌக்கியமாக இருக்க வேண்டும். போர்ட் பிளேயர் டாக்டர் இனி வைத்தியம் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் தாண்டுவது சந்தேகம்தான். இதைப் போனில் சொன்னபோது நீ ம் என்றாய். உன்மேல் கோபமில்லை, அப்படிப் பேசப் பழக்கியவனே நான்தான். நீ புனே போன புதிதில் இங்கே லைன் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது, அதனால் சாப்பிட்டியா, தூங்கினியா, வேலை பரவாயில்லையா என்று ஆமாம் இல்லையில் முடிகிற கேள்வியாகவே அடுக்குவேன். இப்போது லைன் சுத்தமாக இருக்கிறது, என் வாய்தான் திருந்தவில்லை.

அம்மாவிடமும் அதே கதைதான். வலிக்குதா, கஞ்சி வேணுமா என்பேன், தலையை ஆட்டுவாள். எப்படி இருக்கு என்றால் இருக்கு என்பாள், அவ்வளவுதான். போன வாரம் ஊசி போட வரும் நர்ஸ் அங்கம்மா, ருக்குக்கா, உங்க வீட்டுக் கோழிக்குப் பேச வந்தா அண்ணனப் பத்தி மொதல்ல என்ன கோள் சொல்லும், ஜல்தி இல்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். அம்மா சிரித்தாளடா! மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இந்த மனுசன் போட் வர்ற நாளெல்லாம் படகுத்துறையில நின்னு பையன் எறங்குறானான்னு பாத்துட்டு வெறுங்கையோட வர்றாருன்னு கோழி சொல்லும் என்றாள். அதிலிருந்து உன் பேச்சுக்குப் போய், நீ கப்பலில் வாந்தி எடுத்தது வரை கால் மணி நேரம் ஓயவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவளை எப்படிப் பேசவைத்தாய் என்று வாசலில் அங்கம்மாவைக் கேட்டேன். நீங்க கேக்கறதுல பதிலும் உள்ளயே இருக்குண்ணா, அக்காவுக்குத் தலையாட்டறதத் தவிர வேலை இல்ல, எப்படி இருக்குன்னாலும் நோயத்தான் சொல்லணும், கோழி சொல்றதுக்குச் சரி தப்பு கிடையாது, தன் வாயால சொல்லக் கூசறத கோழி மேல போட்டுச் சொல்லிடலாம் என்றாள். மறுநாள் நானும் முயன்றேன். அவசரக்காரன், மூன்று கேள்வியை ஒன்றாகக் கேட்டு முதலாவதற்கு நானே பதிலும் சொன்னேன், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகுதான் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வாயை மூடக் கற்றேன். கற்று என்ன செய்ய, இப்போது பேச ஆசை இருக்கிறது, மூச்சு இல்லை. முப்பத்தைந்து வருஷம் வீணாக்கிவிட்டேன்.

வருவாயா என்று இனிக் கேட்க மாட்டேன், கேட்டால் பார்க்கலாம்ப்பா என்பாய். நேற்று அம்மா உனக்காக ஒரு கேள்வி சொன்னாள், சொல்லி முடிக்க நாலு தடவை நிறுத்தினாள். உன் செருப்புக்கு வாய் வந்தால், ஊரெல்லாம் சுத்துறவன் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேங்கறானேன்னு அம்மா கேட்டா, அது என்ன சாக்கு சொல்லும்?

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வண்டி ஓட்டாதே, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. பதிலை நீளமாக எழுது. அவள் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டுகிறேன். தாமதித்தால் எனக்கு மட்டும்தான் எழுத வேண்டியிருக்கும்.

உன் அப்பா,
ஜம்புலிங்கம்