நன்றியுரையில் விட்டுப்போனவள்

மார்ச் 27, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மழை வரும்போல் இருட்டி, வராமலே போயிற்று. கரமனை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

வெள்ளிக்கிழமை ரிட்டையர். அன்று நாலு மணிக்கு யாத்திரையயப்பு, வழியனுப்பு விழா. எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுவார்கள், கடைசியில் நான் பதிலுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டும். இத்தனை வருஷமாகத் தபால் பிரிவில் நம்பர் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, கடிதம் அனுப்பியவள். எழுந்து நின்று நாலு வார்த்தை பேசியதில்லை.

சூப்பிரண்டு பாஸ்கரன் நாயர் வழி சொன்னார். முதலில் சபை வந்தனம்: தலைமை வகிக்கும் அத்யட்சர், ஆபீசர், சங்கத்துக்காரர், பிறகு சகபணியாளர்கள். மாறக்கூடாது. அப்புறம் நன்றி. நடுவில் கடமை. "நான் செய்தேன்னு சொல்லண்டா லக்ஷ்மியம்மா. செய்யான் பாக்கியம் கிடைச்சதுன்னு சொல்லணும்." பிறகு அறிந்தும் அறியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்பு. கடைசியில் சினேகம். "சாயா ஆறுறதுக்கு முன்னே முடிக்கணும், கேட்டோ?"

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் ரோசம்மா ஈஸ்டர் அப்பம் கொண்டுவந்தாள். "கள்ளு ஊத்தினதில்ல சேச்சி, ஈஸ்ட்டாக்கும். தைரியமாய்ட்டு சாப்பிடுங்கோ." அவளுடைய தமிழ் பாதி என்னிடம் கற்றது. அதனால்தான் அந்த 'ங்கோ'. என் தயிர்சாதம் பூராவும் அவளுக்குப் போயிற்று.

வாங்க: கடுகு, இவருடைய மூக்குப்பொடி.

28, செவ்வாய்
நேற்று ராத்திரி உரை எழுதினோம். எழுதினோம் என்றால் இவர்தான். ரிட்டையரான பள்ளிக்கூடத்துச் சமஸ்கிருத முன்ஷியைக் கட்டிக்கொண்டால் சும்மா விடுவாரா? நன்றி வேண்டாமாம், 'கிருதஞ்ஞதை'. கடமை வேண்டாமாம், 'கர்த்தவ்யம்'. சினேகத்துக்கு 'சௌஹார்த்தம்'. சொல்லிப் பார்த்தால் வாயில் சூடான கொழுக்கட்டை. மூன்றில் இரண்டையாவது விடுங்கள் என்று கெஞ்சி, கர்த்தவ்யத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மலையாளத்தில் கேட்க அது நன்றாகத்தான் இருக்கிறது.

நன்றிப் பகுதி நானே எழுதியது. ஆபீசர், சூப்பிரண்டு, வேலை கற்றுத்தந்த பழைய ஹெட்கிளார்க், கணக்குப் பிரிவு, சாயா கொண்டுவரும் அட்டெண்டர், ஆபீசைத் தூத்துப் பெருக்கும் தங்கம்மா வரை. ஒருவரையும் விடவில்லை என்று ஒரு கர்வம்.

காலையில் ரோ.விடம் கொடுத்து நல்ல காப்பியாக டைப் அடிக்கச் சொன்னேன். மலையாள மெஷினில் அவளைப்போல யாருக்கும் கை ஓடாது. பாதியில் மெஷின் சத்தம் நின்றது. பிறகு ஓடிற்று. தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போனாள். தலைவலியோ என்னவோ.

29, புதன்
மத்தியானம் ரோ. என் மேஜைக்கு வரவில்லை. கணக்குப் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்ததும் ஹால் முழுக்க மீன் குழம்பு வாசனை.

சாதம் இறங்கவில்லை. வாசனையால் இல்லை. ரோ. மீன் சாப்பிடுகிறவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு நாள்கூட மீன் வந்ததில்லை. நான் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை. எனக்காகத்தான் என்பது இன்று, அவள் கொண்டுவந்த பிறகுதான், இந்த மரமண்டையில் ஏறுகிறது.

சூப்பிரண்டு உரையைப் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு. ஆனா ரோசம்மா பேரு எவிடே?" என்றார்.

இல்லை. தங்கம்மா இருக்கிறாள், ரோ. இல்லை. அதை அவள் கையாலேயே டைப் அடிக்க வைத்திருக்கிறேன்.

30, வியாழன்
தூக்கமில்லை. இவரிடம் சொன்னேன். "இதென்ன கூத்து? நம்மாத்துல யாரு யாருக்கு நன்றி சொல்லிருக்கா? காப்பி குடுத்தா நான் ஒனக்கு சொல்றேனா? சொந்த மனுஷாளுக்கு நன்றி சொன்னா அன்னியமாக்கற மாதிரியாக்கும்." அதேதான். நானும் அப்படியே வளர்ந்தவள். எழுதும்போது ரோ. நினைவுக்கு வராமல் இல்லை. அவளுக்கு என்னத்துக்கு, அவள் நம்மவள்தானே என்று தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் அவள் வீட்டு வழக்கம் வேறாயிற்றே. சாப்பாட்டுக்கு முன்பு கர்த்தாவுக்கே நன்றி சொல்லிவிட்டுத்தான் ரோ. டப்பாவைத் தொடுவாள். அவளிடம் போய் நீ எனக்கு உறவு, அதனால் விட்டேன் என்றால் சாக்குச் சொல்வதுபோல இருக்கும். அதையும் முயன்றேன். "சாரமில்ல சேச்சி" என்றாள், பரவாயில்லையாம், முகத்தைப் பார்க்காமல். வழக்கமான 'சாப்பிடுங்கோ' இல்லை. இன்றும் அங்கேதான் உட்கார்ந்தாள்.

இந்த மனஸ்தாபத்தோடு ஆபீஸ் படி இறங்கினால் பென்ஷன் வந்து என்ன, பரிசாகத் தரப்போகும் விளக்கு வந்து என்ன. ஆனால் எப்படிச் சொல்வது? பட்டியலில் தங்கம்மாவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் அது இன்னும் கேவலம். 'கிருதஞ்ஞதை' போடு என்கிறார் இவர். ரோ.வுக்கா!

31, வெள்ளி
நல்ல வெயில். சரிகைக் கரை போட்ட கசவுப் புடவை.

ஹாலில் நாற்காலி போட்டு, மிக்சர், வடை, சாயா. ரோ. வாசலோரம் கடைசி வரிசை. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். தபால் ஒன்றும் தவறியதில்லை என்றார் ஆபீசர். அது உண்மை, அதனால் கூச்சமில்லை. குத்துவிளக்கு தந்தார்கள். கனம்.

என் முறை. சபை வந்தனம் ஒழுங்காக வந்தது. நன்றி, வரிசைப்படி. தங்கம்மா கண்ணைத் துடைத்தாள். கர்த்தவ்யம் தடுக்காமல் வந்தது. மன்னிப்பு. சினேகப் பத்திக்கு வந்தேன். தாளை மடித்துவிட்டேன். மலையாளம் அதோடு கைவிட்டது. தமிழிலேயே சொன்னேன்:

"எங்காத்துல சொந்த மனுஷாளுக்கு நன்றி சொல்ற பழக்கம் இல்லை. அதனால ஒருத்தியை விட்டுட்டேன். டைப்பிஸ்ட் ரோசம்மா. எங்கம்மா போனப்போ என் தபாலையும் சேர்த்து அனுப்பினது அவள். எனக்குக் கண்ணாபரேஷன் ஆனப்போ முகவரியெல்லாம் படிச்சுச் சொன்னது அவள். எனக்காகப் பதினெட்டு வருஷம் இங்க மீன் கொண்டுவரலை. அது எனக்குப் புதன்கிழமைதான் தெரிஞ்சுது. வேலை என் கடமை, அதுக்குச் சம்பளம் வாங்கினேன். இது அவளுக்குக் கடமையில்லை. ரோசம்மா, நன்றி. எங்காத்துல ஒருத்தருக்கும் சொல்லாததை ஒனக்குச் சொல்றேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தப்பாகிவிட்டதோ என்று பயம். பிறகு சூப்பிரண்டு தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். சாயா ஆறிப்போயிருந்தது.

ரோ. வாசலில் இல்லை. உயிரே போயிற்று. கீழே வந்தால், வீடுவரை கொண்டுவிட நிறுத்தியிருந்த ஜீப்பில் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கிறாள், கண்ணெல்லாம் சிவந்து. குத்துவிளக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கரமனை வரை என் கையை விடவில்லை. கிள்ளிப்பாலம் திருப்பத்தில் விளக்கு என் முழங்காலில் இடித்து இப்போதும் வலி.

கூட வந்த எல்லாருக்கும் வீட்டில் போளியும் காப்பியும் கொடுத்தோம். இவர் ரோ.விடம் பேச்சுக் கொடுக்கத் தெரியாமல் சௌஹார்த்தத்தின் அர்த்தத்தை விளக்கினார். பாவம், கேட்டுக்கொண்டாள்.

இந்த ஆபீஸ் எனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது! நினைக்க நினைக்க மனசு நிறைகிறது.

ஏப்ரல் 1, சனி
காலையில் பழக்கதோஷம், இரண்டு பேருக்குத் தயிர்சாதம் பிசைந்துவிட்டேன். இவர் தலையில் கட்டினேன். முழுசும் சாப்பிட்டார்.

சாயங்காலம் மழை. கதவில் தட்டல். ரோ., ஆபீஸ் விட்டு நேரே பஸ் இறங்கி, குடையில்லாமல். காலி டப்பாவை நீட்டினாள்.

"இன்னிக்கி மீன் கொண்டுவரலாம்னு நெனச்சேன் சேச்சி. சேச்சி இல்லியே, இனி தடஸ்ஸம் ஒண்ணும் இல்லியே. காலைல மீனை எடுக்கக் கை போகல. வெறும் மோர் கூட்டிச் சாப்பிட்டேன்."

நன்றி சொல்லவில்லை. தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். காப்பி கலக்கப் போனேன்.