முழு நிலாவில் ஐந்தாம் நாள்

ஏப்ரல் 5, 2026. ஞாயிறு.
அனல் வெயில். முதலாளியம்மா டோ சின் கண் ஆபரேஷனுக்கு சிங்கப்பூர் போயிருக்கிறார். அவர் குடும்பத்துக் கல்லறைக்கு லத்தா தெருவில் இருக்கும் அவர் சாப்பாட்டுக் கடையிலிருந்து சுமை தூக்கியது நான். பொரித்த பன்றி, கோழி, ஆரஞ்சு, டீ, பத்தி, எரிக்கிற தாள் பணம். இன்று சிங்மிங், சீனர்கள் கல்லறை கும்பிடும் நாள்.

புல் பிடுங்கியது நான். கல்லறை எழுத்துக்குச் சிவப்பு பூசியது நான். மேட்டில் கலர் தாளைப் பரப்பிக் கல் வைத்தது நான். கும்பிட்டது அவர்கள். முதலாளியம்மாவின் மருமகன் கோ மின் செல்ஃபி எடுத்தான். செத்தவர்களுக்குக் கட்டுக் கட்டாகப் பணம் எரிகிறது. சுவருக்கு அந்தப்பக்கம் குடிசைகள்.

கோ மினின் போன் நேற்றே மணி அடித்ததாம். போன வருஷம் சிங்மிங் 4ஆம் தேதி வந்தது, எல்லாப் பண்டிகையையும் போன வருஷத் தேதியில் 'வருஷா வருஷம்' என்று பதிந்து வைத்திருக்கிறான். "ஒரு நாள்தானே பிசகு. போன் போதும், கிழவியோட காலண்டர் கணக்கு எதுக்கு?"

ஒரு நாள் பிசகினால் யாரும் கேட்கப்போவதில்லை. பத்து நாள் முன்பின் கல்லறைக்குப் போகிறவர்களும் உண்டு.

மே 21, வியாழன்.
மழை. குடை தொலைந்தது. சட்டை இரண்டும் ஈரம்.

கோ மின் நோட்டீஸ் அடித்துவிட்டான். டிராகன் படகு விழா, மே 31, பாச்சாங் ஆர்டர் எடுக்கப்படும். போன் சொன்ன தேதி, போன வருஷம் வந்த அதே நாள். (இங்கே படகும் இல்லை, மேளமும் இல்லை. மூங்கில் இலையில் கட்டி வேகவைத்த பசையரிசிப் பொட்டலமான பாச்சாங் மட்டும்தான்.)

சுவரில் சீனக் காலண்டர். எழுத்து தெரியாது, ஆனால் பெரிய எண்ணுக்குக் கீழே பொடியாக இருப்பது நிலாக் கணக்கு, அதைப் படிக்க டோ சின் சொல்லித் தந்திருக்கிறார். 31க்குக் கீழே பதினைந்து. பௌர்ணமி. விழா ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், அது ஜூன் 19இல்.

நம் சித்திரை ஒண்ணு மாதிரி சிங்மிங். சூரியன் கணக்கு. வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற நாளிலிருந்து பதினைந்து பதினாறு நாள், ஏப்ரல் 4, 5ஐ விட்டு நகராது. பாச்சாங் விழா தீபாவளி மாதிரி. நிலா இழுத்த பக்கம் போகும்.

சொன்னேன். கடைப் பையன்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "ஏய் கலா, சீனன் பண்டிகையை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

கலா. இந்தியன் என்று கேவலமாகச் சொல்லும் வார்த்தை. நான் பிறந்தது இதே ஊர், இருபத்து நாலு வருஷம்.

சரி. விழட்டும். இனி வாய் திறக்க மாட்டேன்.

மே 30, சனி.
இலை நேற்றே ஊறியது. மாரி அக்கா காலையிலிருந்து கட்டுகிறாள். பசுந்தாங் பேட்டையில் எங்கள் தெருக்காரி. பதினோரு வருஷமாக இந்தக் கடை, வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும். இலையைக் கூம்பாக மடித்து, அரிசி, பன்றி, உப்பு முட்டை மஞ்சள், காளான், மேலே அரிசி, மூடி, நூல். அறுநூறு. மூன்று மணி நேரம் கொதி.

"என்ன தம்பி மூஞ்சி? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

மே 31, ஞாயிறு.
நோட்டீஸை நம்பிய சில இளசுகள் மட்டும் வந்தார்கள். ஒரு கிழவர் வந்து கடை முன்னால் நின்று சிரித்தார். "நாலாம் மாசமே முடியலை! ஐந்தாம் நாள்னா கீற்று நிலா இருக்கணும். சாயங்காலம் அண்ணாந்து பாரு!"

பார்த்தோம். தட்டு மாதிரி முழு நிலா.

ஜூன் 2, செவ்வாய்.
கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. புளிச்ச பன்றி நாற்றம். விற்காத பாச்சாங்கை மூட்டை மூட்டையாகக் கொட்டினேன். தெருவில் மனிதர்கள் அரிசிக்கு வரிசை.

ஜூன் 11, வியாழன்.
டோ சின் திரும்பினார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கோ மினைத் திட்டினார்: "போன வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு தடவை வந்துச்சுடா. அதான் இந்த வருஷம் ஐந்தாம் மாசம் தள்ளிப் போச்சு. தெரியாதா?"

அவன்: "மாரிதான் தேதி சொன்னா."

டோ சின் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

கோ மினும் பார்த்தான்.

"சரியாத் தெரியலைம்மா."

மாரி அக்காவை அப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தாள். எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 19, வெள்ளி.
விழா வழக்கப்படி வாசலில் மருக்கொழுந்து மாதிரி ஒரு தழையும் வசம்பு இலையும் சேர்த்துக் கட்டினேன். மதியத்துக்குள் வீட்டுச் சாமிக்குப் படைக்க வேண்டும், பாச்சாங் வாங்கத் தெரு வரை கூட்டம். மாரி அக்கா இடத்துக்கு வந்த பெண் கட்டியது கொதியில் அவிழ்ந்து கஞ்சியாகிவிட்டது.

கோ மின்: "போய் மாரியைக் கூட்டிட்டு வா. இன்னிக்கு மட்டும்."

போனேன். மாரி அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தேதி தப்புன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்கா."

"அந்தம்மா உன்னைக் கேட்டாங்கள்ல?"

"கேட்டாங்க."

திட்டுவாள் என்று நின்றேன். துணியை உதறிக் கொடியில் போட்டாள். செருப்பு மாட்டினாள்.

"இலை ஊறியிருக்கா, இல்லை அதுவும் காய்ஞ்சே கிடக்கா?"

பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவளே காசு போட்டாள்.