ஓரக்குறிப்பில் ஒரு கல்யாணம்

சேசு மரி சூசை துணை

சிப்பித்துறை,
மார்ச் 9, திங்கள்.

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து கோயிலில் முட்டுக்குத்த மாட்டேன் என்கிறது. நீ ஜெர்மனியில் சுகமாக இருக்கிறாய் என்று எழுதினால் நம்புவதற்கு நான் ஆள் இல்லை, போன வாரம் போனில் உன் குரலைக் கேட்டேனே. அழுதது போதும், இனி வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை முடிந்து வந்து ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வதாக மாப்பிள்ளை லிபின் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் மே ஒன்பதாம் தேதி குறித்தபடி நடக்கும், தடை ஒன்றும் இல்லை. இந்த உறைக்குள் இன்னொரு உறை அரக்கு முத்திரையோடு இருக்கிறது, அதைப் பிரிக்காதே, அப்படியே கொண்டுபோய் அங்குள்ள பங்குச்சாமி கையில் கொடு. அதில் மூன்று தாள். ஒன்று புதிய ஞானஸ்நானச் சான்று, ஓரக்குறிப்பு இடத்தில் உறுதிப்பூசுதலும் உன் பள்ளிக்கூடப் பெயரும் மட்டும் எழுதியிருக்கும், திருமணம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கும். இரண்டாவது, ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ள மரிய தஸ்நேவிஸ் பர்னாந்தும் பாஸ்போர்ட்டில் உள்ள ஷாமினி தனசேகரும் ஒரே ஆள் என்று நம் பங்குச்சாமி கொடுத்த சான்று. மூன்றாவது ஆயர் இல்லத்திலிருந்து வந்த திருத்த உத்தரவின் நகல். அந்தச் சாமி ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றுதான் வேண்டும் என்றாராமே, இதில் போன வியாழக்கிழமைத் தேதி போட்டிருக்கிறது.

ஜனவரியில் கோயில் ஆபீசிலிருந்து நேராக உனக்கு அனுப்பிய சான்றில் '11.7.2016 அன்று திருமணம்' என்று இருந்தது எப்படி என்று நீ கேட்டாய், நானும் அம்மாவும் மறைத்துப் பேசுவதாகக்கூட உனக்கு ஒரு நிமிடம் தோன்றியிருக்கும். லிபினின் அம்மாவும் என்னைக் கூப்பிட்டார்கள். "எங்க பக்கம் கோயில்லயும் பள்ளிக்கூடத்துலயும் ஒரே பேருதான், உங்க பக்கம் ரெண்டு பேரு, ரெண்டு கல்யாணமும் உண்டுமா?" என்று தேன் தடவிய குரலில் கேட்டார்கள். மகளைப் பெற்றவன், விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. அங்குள்ள சாமி காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதல் புருஷன் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று கேட்டால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்.

உனக்கு முழுசாக நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். நீ பிறந்தது தஸ்நேவிஸ் மாதா திருவிழாக் கொடி ஏறிய நாலாம் நாள். அந்தப் பத்து நாளுக்குள் பிறக்கிற பெண்ணுக்கு நம் ஊரில் வேறு பெயர் யாரும் தேடுவதில்லை, மரிய தஸ்நேவிஸ்தான். பதினைந்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புத்தகத்தில் எழுதினார்கள், வரிசை எண் 38. அதில் அப்பன் பெயரும் அப்பனின் ஞானஸ்நானப் பெயர்தான், சந்தியாகு மிக்கேல் பர்னாந்து. அம்மா பெயர் சலேத்தம்மாள், வெளியே அவளைக் கூப்பிடுகிற மெல்பா என்ற பெயர் அங்கே செல்லாது. ஆனால் பஞ்சாயத்துப் பிறப்புப் பதிவில் அப்போது பிள்ளை பெயர் காலியாகவே கிடந்தது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது அம்மா ஷாமினி என்று வைக்கச் சொன்னாள், நான் மனுக் கொடுத்து அந்தக் காலி இடத்தில் அதை ஏற்றினேன். அதிலிருந்து மார்க் ஷீட், ரேஷன் கார்டு, ஆதார், நர்சிங் பதிவு, பாஸ்போர்ட் எல்லாம் ஷாமினி, தகப்பன் தனசேகர். கோயிலில் புதுநன்மை, உறுதிப்பூசுதல் எல்லாம் மரிய தஸ்நேவிஸ். பர்னாந்து என்பது கோயில் வாசலோடு நின்றுவிட்டது. இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை, நடுவில் நீ ஒருத்திதான் பாலம்.

அதே திருவிழாவில் உனக்கு மூன்று நாள் கழித்துப் பிறந்தவள் நம்ம ஜெனிபா, என் சித்தப்பா மகனுடைய மகள். அவளும் மரிய தஸ்நேவிஸ், வரிசை எண் 41. அவள் அப்பனும் சந்தியாகு மிக்கேல் பர்னாந்துதான், ஏனென்றால் நாங்கள் இருவருமே தலைப்பிள்ளைகள், இருவருக்கும் எங்கள் தாத்தா பெயர். அவன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் கடலுக்குப் போனான், அதனால் கடைசிவரை ஊருக்கு அவன் சந்தியாகுதான். நான் பள்ளிக்கூடம் போய் தனசேகர் ஆனேன், உப்புக் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷம் தனசேகராகவே கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தில் எங்கள் இரண்டு வீட்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கட்டம், தாயார் பெயர். உனக்குச் சலேத்தம்மாள், அவளுக்கு இன்னாசியம்மாள்.

ஜெனிபாவின் கல்யாணம் 2016இல் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது சென்னையில் பரீட்சை என்று வரவில்லை. வேறு கோயிலில் கல்யாணம் நடந்தால் அங்கிருந்து பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்கு ஒரு சீட்டு வரும், இங்கே அவள் பெயருக்கு நேரே ஓரத்தில் இன்ன தேதி, இன்ன கோயில், இன்னாரோடு கல்யாணம் என்று குறித்துவைக்க வேண்டும். அந்தச் சீட்டில் ஞானஸ்நானத் தேதியை எழுதாமல் விட்டுவிட்டு, பிறந்த தேதியைப் பள்ளிக்கூடச் சான்றைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஜெனிபா வீட்டில் பிறந்தவள், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தன் வசதிக்கு மே மாதம் பதினைந்து என்று போட்டுக்கொண்டார். அந்தத் தேதி புத்தகத்தில் எங்கே கிடைக்கும்? எழுதியவர் பெயரைப் பார்த்தார், தகப்பன் பெயரைப் பார்த்தார், முதலில் கண்ணில் பட்ட 38க்கு நேரே குறித்துவிட்டார். புருஷன் பெயரையும் போட்டார், அதுதான் உன் தலையில் விழுந்தது.

விஷயம் தெரிந்ததும் ஜெனிபாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். தன் பெயருக்கு நேரே கல்யாணக் குறிப்பே இல்லை என்று கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "அப்போ எனக்குக் கல்யாணமே ஆகலையா பெரியப்பா? பத்து வருஷமா என் வீட்டுல சோறு தின்னுட்டு இருக்காரே இந்த ஆளு யாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். பின்னால் அவள் புருஷன், "ஏட்டி, புத்தகத்தப் பாத்தா நான் ஷாமினி மாப்பிள்ளையில்லா, ஜெர்மனிக்கு டிக்கெட் போடச் சொல்லு" என்கிறான். சிரித்தாலும் மறுநாளே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள், அவர்கள் கல்யாணம் நடந்த கோயிலில் திருமணப் புத்தக நகலையும் கையோடு வாங்கி வந்தார்கள். அதில் பெண்ணின் தாயார் இன்னாசியம்மாள் என்று தெளிவாக இருந்தது. அவர்களுக்கு ஏதாவது வாங்கி அனுப்பு, பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சாக்லேட் போதும்.

புதிதாக வந்திருக்கிற ரொமால்டு சாமி நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். அடித்துவிட்டு மாற்றி எழுதுங்கள் சாமி, யாருக்குத் தெரியப்போகிறது என்று அம்மா சொன்னதற்கு, "ஞானஸ்நானப் புத்தகத்துல அடிச்சு எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா, ஆயர் இல்லத்துல கேக்கணும்" என்றார். இரண்டு பேருடைய பள்ளிக்கூடச் சான்று, இரண்டு வீட்டு ரேஷன் கார்டு, திருமண நகல், இரண்டு தாய்மாரின் ஞானஸ்நானச் சான்று, ஜெனிபாவும் புருஷனும் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாம் வைத்து எழுதி அனுப்பி, மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. தப்பாக எழுதியது அப்படியேதான் இருக்கும், அதன் கீழே 'மேற்கண்ட குறிப்பு தவறுதலாக இடப்பட்டது, வரிசை எண் 41க்கு உரியது' என்று உத்தரவு எண் போட்டு சாமி கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். 41க்கு நேரே ஜெனிபாவுக்குப் பத்து வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. உன் பள்ளிக்கூடப் பெயரையும் உன் பதிவின் ஓரத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், உத்தரவிலேயே அதற்கும் அனுமதி இருந்தது. முப்பத்தொரு வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தில் ஷாமினி என்று வந்துவிட்டது.

இதுவரை எழுதியதெல்லாம் சரிதான், ஒன்றை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி வந்தேன். சாமி முதல் நாள் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எந்தப் புண்ணியவான் கண்ணை மூடிக்கொண்டு எழுதினான் என்று நான்தான் சத்தம் போட்டுக்கொண்டு குனிந்தேன். வயலட் மை, சாய்ந்த எழுத்து, 'ம'வுக்கு ஒரு வால். என் கையெழுத்து. அந்த வருஷங்களில் உபதேசியாருக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது கோயில் புத்தகங்களை எழுதிக்கொடுத்தது நான்தானே. சாமி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சந்தியாகு மிக்கேல் என்று கண்டதும் எனக்குத் தம்பி, ஜெனிபாவின் அப்பன் முகம்தான் வந்திருக்கிறது, அது என் பெயர் என்று தோன்றவே இல்லை. மரிய தஸ்நேவிஸ் என்று கண்டபோது நீ நினைவுக்கு வரவில்லை. பக்கத்துக் கட்டத்தில் உன் அம்மா பெயர் இருந்தது, அதுவரை என் கண் போகவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "ஊருல உள்ளவன் கல்யாணத்தையெல்லாம் ஒழுங்கா எழுதுன மனுசன், பெத்த பிள்ளைக்கு மட்டும் கண்ணு தெரியலையோ" என்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே. லிபினிடமும் அவன் அம்மாவிடமும் நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், உன்மேல் ஒரு சந்தேகமும் நிற்கக்கூடாது. அந்த அம்மா, "கண்ணாடி மாத்துங்க சம்மந்தி" என்று மட்டும் சொன்னார்கள். முதல்முறையாகச் சம்மந்தி என்றார்கள்.

உறையைக் கொடுத்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. சேலை அம்மா எடுத்துவிட்டாள், நிறம் சொல்லக்கூடாது என்று உத்தரவு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், அப்பா அம்மா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று. உறுதிப்பூசுதல் அன்று ஆயர் மரிய தஸ்நேவிஸ் என்று கூப்பிட்டபோது நீ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றாய், சிஸ்டர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? கல்யாணத்தன்று பீடத்தில் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம் அந்தச் சாமி, லிபின் கேட்டுச் சொன்னான். தள்ளிவிட அங்கே சிஸ்டர் இருக்கமாட்டார்கள். கூப்பிட்டதும் முன்னால் போ, அது நீதான். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டுவிட்டேன், நீ விட்டுவிடாதே.

இப்படிக்கு, உன் அப்பா,
சந்தியாகு மிக்கேல் பர்னாந்து
(உன் பாஸ்போர்ட்டில் தனசேகர்)