பௌர்ணமிக்கு இடம் இல்லை

வியாழக்கிழமை. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்.

சென்னையிலிருந்து அண்ணன் மகன் குமார் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தான். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதால், நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"சித்தப்பா, கிரிவலத்துக்குப் பன்னெண்டு பேர் வரோம். செல்வியை டிபன் செஞ்சி வைக்கச் சொல்லு. அவ ரூமையும் காலி பண்ணிடு."

கேட்கவில்லை, உத்தரவு போடுகிறான். போன பௌர்ணமிக்கு என் மகள் செல்வி அடுப்படித் தரையில் படுத்தாள். விடிந்ததும் அப்படியே வேலைக்குப் போனாள்.

முதலில் திட்டி நீளமாக எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். காரணம் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். அதனால் இவ்வளவுதான் அனுப்பினேன்:

"தம்பி, இந்த முறை வீட்டில் இடம் இல்லை. செல்வி சமைக்க மாட்டாள். லாட்ஜ் பார்த்துக்கொள்."

உடனே வந்தது. "யாரு எழுதினது, செல்வியா? நீதான் கைநாட்டு ஆச்சே!"

தண்ணீர் குடித்துவிட்டு எழுதினேன்: "நான்தான் எழுதினேன். பதில் அதேதான்."

செல்வி பயந்தாள். "அவங்க கோச்சிக்குவாங்கப்பா."

"கோச்சிக்கட்டும்மா. நீ உன் ரூம்ல படு."

இப்போது போன் விடாமல் அடிக்கிறது. நான் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை எழுதியாகிவிட்டது. அவனுக்குப் படிக்கத் தெரியும்.