காய்ச்சலில் முடிந்த தொடர்கதை

ஐப்பசி, வெள்ளி இரவு.

இருந்தவர்கள்: நான், மருமகள் கமலம், பக்கத்து வீட்டு ராக்கு, என் மகள் பாப்பாத்தி. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் கடைசிப் பகுதியைக் கமலம் வாசித்தாள். ஒருவனை அவன் முறைப்பெண்ணும் இன்னொருத்தியும் விரும்பும் கதை. நாங்கள் கட்சி கட்டிச் சண்டை போடட்டும் என்று இருவரையும் நல்லவர்களாகவே வைத்துப் பத்திரிகைக்காரர்கள் இழுத்தார்கள். இன்று முறைப்பெண்ணுக்குக் காய்ச்சல். மற்றவள் கையை அவன் கையில் சேர்த்துவிட்டுச் செத்தாள். அவனுக்குப் பழி இல்லை. ராக்கு அழுதாள்.

"காய்ச்சல் வராட்டி எப்படி முடிப்பாங்க?" என்றாள் பாப்பாத்தி.

"புதுசா ஒரு மாப்பிள்ளை வருவான். இல்லாட்டி அவளே விட்டுக்கொடுத்துட்டுப் போயிருவா," என்றாள் கமலம்.

பாப்பாத்தியும் முறைப்பெண்தான். இவளுடைய முறைமாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டினான். இவளுக்குக் காய்ச்சலும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. உலை வைக்க எழுந்து போனாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் மன்னிக்காதவன், இவளைக் கட்டாமல் போன என் அண்ணன் மகன் வேலுச்சாமி.