சாந்திக்குப் பெயர் தெரியாத ஒன்று

செவ்வாய்க்கிழமை, இரவு

என் கதையில் சாந்தி பதுளை பஸ்ஸில் திணறும் இடத்தை இன்று தங்கை மலருக்கு வாசித்துக் காட்டினேன். "நெஞ்சு படபடத்தது, பயத்தில் உறைந்தாள்" என்று எழுதியிருந்தேன். போன மாதம் மலருக்கே பஸ்ஸில் அப்படி ஆனது.

"பயம்னே தெரியலக்கா. மூச்சு பாதியிலயே நின்னுச்சு. கொட்டாவி விட்டா சரியாகும்னு நெனச்சேன். வெரலெல்லாம் மரத்துப் போச்சு."

'பயம்', 'உறைந்தாள்' இரண்டையும் அடித்தேன். சாந்திக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்வது? அவள் நினைப்பதை மட்டும் எழுதிப் பார்த்தேன்:

"காலையில் தின்ற ரொட்டிதான் காரணம். அவள் இன்னொரு கொட்டாவி விட்டாள். அதுவும் அடிவரை இறங்கவில்லை. கண்டக்டரின் வாய் அசைந்தது, சத்தம் பிந்தி வந்தது. டிக்கெட்டைப் பிடித்திருந்த விரல்கள் யாருடையவை? அடுத்த வளைவில் இறங்கினால் சரியாகிவிடும்."

மலர் இரண்டு தடவை வாசித்தாள். "இதுதான். ஆனா எறங்கினதுக்குப் பெறகு?"

"பத்து நிமிஷத்துல சரியாயிருச்சுன்னுதானே சொன்ன?"

"சரியாயிருச்சு. ஆனா அன்னையிலருந்து நான் பஸ்ஸே ஏறலக்கா. பசறை டவுன்ல இருக்குற கடைக்கு நடந்துதான் வேலைக்குப் போறேன்."

ஒரு மாதமாக அவள் விடியுமுன் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாளை அவளோடு நடந்து போகப் போகிறேன்.